பொங்கல், தீபாவளி பயிற்சித்தாள்: எந்தக் கேள்விக்கு ஒரே விடை, எதற்கு வீட்டுக்கு வீடு விடை?

வான்மதி (சிட்னி)

எல்லாருக்கும் வணக்கம். மேற்கு சிட்னியில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பண்டிகைப் பாடத்துக்கு எங்களிடம் பல வருடமாகக் கைமாறி வரும் ஒரு பயிற்சித்தாள் இருக்கிறது. முன்பக்கம் பொங்கல், பின்பக்கம் தீபாவளி. அதைப் புதிதாக எழுதும் வேலை இப்போது என்னிடம். பழைய தாளின் கேள்விகளை அப்படியே தருகிறேன், விடைக்குறிப்போடு:

பொங்கல் எத்தனை நாள் கொண்டாடப்படுகிறது? (நான்கு)
முதல் நாளின் பெயர் ____ (போகி)
பொங்கலன்று சூரியன் ____ நோக்கித் திரும்புகிறது (வடக்கு)
பொருத்துக: கரும்பு – பொங்கல், பட்டாசு – தீபாவளி
தீபாவளி அன்று ____ அயோத்திக்குத் திரும்பினார் (இராமர்)
தீபாவளி அன்று மாலை நாம் ____ ஏற்றுகிறோம் (விளக்கு)

வகுப்பில் பாதிப் பேர் ஈழத்துக் குடும்பங்கள், மற்றவர்கள் பெரும்பாலும் தமிழ்நாடு, ஒரு பிள்ளை சிங்கப்பூர். இதில் எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம்? இன்னொரு சிக்கலும் உண்டு. தீபாவளி இங்கே நான்காம் பருவத்தில் வருவதால் பாடம் நடத்த முடிகிறது. பொங்கலோ கோடை விடுமுறையின் நடுவில் வருகிறது, பள்ளியே இருக்காது.

ஆதவன் (சென்னை)

மூன்றாவது கேள்வியில் மட்டும் கை வைக்காதீர்கள். பொங்கலின் பொருளே அதுதான். தை 1 அன்று சூரியன் வடக்கே திரும்புகிறது, உத்தராயணம் பிறக்கிறது, அன்றிலிருந்து பகல் நீள ஆரம்பிக்கிறது. நம் முன்னோர் வானத்தைப் பார்த்து வைத்த விழா என்று பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். மற்ற கேள்விகளை உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

நிலாவின் அம்மா (மெல்பர்ன்)

வான்மதி, முதல் கேள்வியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். என் மகள் படிக்கிற வார இறுதிப் பள்ளியில் இதே கேள்வி வந்தது. அவள் "இரண்டு நாள்" என்று எழுதினாள். சிவப்பு மையில் தப்பு போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் தைப்பொங்கலும் மறுநாள் பட்டிப்பொங்கலும்தான். அவருக்கு வவுனியா, எனக்குக் கரவெட்டி. போகி என்று ஒன்றை நானே இங்கே வந்துதான் கேள்விப்பட்டேன். மகள் வீட்டுக்கு வந்து, "அம்மா, நாங்கள் சரியாகப் பொங்குவதில்லையா?" என்று கேட்டாள். ஆசிரியையிடம் சொன்னேன். விடைக்குறிப்பில் நான்கு என்றுதான் இருக்கிறது என்றார். அந்தத் தாள் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

கொக்குவிலான் (டொராண்டோ)

பிள்ளை எழுதியது முழுக்கச் சரி. யாழ்ப்பாணத்தில் போகி எங்கள் வழக்கமே அல்ல. காணும் பொங்கலும் அப்படித்தான். நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன், ஆனபடியால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தைப்பொங்கல் முற்றத்தில் நடக்கும். விடியமுதல் முற்றத்தைக் கூட்டிச் சாணம் தெளித்து மெழுகுவார்கள். உலக்கையை நிலத்தில் வைத்து, அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவி எடுத்தால் நேர்கோடு விழும். அப்படி நாலு பக்கமும் கோடு போட்டு, உள்ளே நிறைகுடம் வைத்து, கரும்பு நட்டு, மூன்று கல்லில் அடுப்பு மூட்டுவார்கள். புதுப்பானையில் பால் பொங்கி வழிகிறபோது எந்தப் பக்கம் வழிகிறது என்று எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்போம். அப்புறம் வீட்டுக்குப் பெரியவர் இரண்டு கையாலும் அரிசியை அள்ளிப் பானையைச் சுற்றிக் காட்டி மூன்று தரம் போடுவார். பிறகு மற்றவர்கள். அந்த நேரம் தெருவெல்லாம் சீனவெடிச் சத்தம்தான்.

இதனால்தான் "பட்டாசு – தீபாவளி" என்று பொருத்தச் சொல்வதும் சரிவராது. எங்கள் பிள்ளைகளுக்கு வெடி என்றால் தைப்பொங்கலும் ஞாபகம் வரும். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அப்படி வராது. ஒரே வகுப்பில் இருவரும் இருந்தால் அந்தக் கோட்டை எங்கே இழுப்பார்கள்?

இன்னொன்று. தமிழ்நாட்டுக்காரர் பொங்கலில் பாசிப்பருப்புப் போடுகிறார்கள். நாங்கள் பயறை வறுத்துக் கோது நீக்கிப் போடுவோம், தேங்காய்ப்பாலும் விடுவோம். சர்க்கரை என்று நாங்கள் சொல்வது வெல்லத்தை. கேள்வியில் "சர்க்கரை" என்று வந்தால் சென்னைப் பிள்ளை வெள்ளைச் சீனியை நினைக்கும். தாள் எழுதும்போது இதைப் பாருங்கள்.

இளவேனில் (பெர்த்)

ஆதவன் அண்ணாவுக்கு மரியாதையோடு சொல்கிறேன், அந்த மூன்றாவது கேள்விதான் இந்தத் தாளில் மிகவும் தொல்லையானது.

சூரியன் வடக்கே திரும்புவது உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22. சென்னையில் கூட பகல் நீள ஆரம்பிப்பது அன்றிலிருந்துதான், தை 1இலிருந்து இல்லை. தை 1 என்பது சூரியன் மகர ராசிக்குள் போகும் நாள். ராசியை நாம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுகிறோம். நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். ஏறத்தாழ 1,700 வருடங்களுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. வருடத்துக்கு 20 நிமிடம் என்று விலகி விலகி இப்போது மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. ஆக முன்னோர் பார்த்தது சரி, அதை இன்றைய தேதிக்கு அப்படியே சொல்வதுதான் சரியில்லை.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது. சூரியன் வடக்கே போகிறது என்பது இங்கேயும் உண்மைதான். ஆனால் நமக்கு அது விலகிப் போவது. ஜனவரி நடுவில் சிட்னியில் பகல் குறைய ஆரம்பித்திருக்கும். "பகல் நீளும்" என்று எழுதச் சொன்னால், கவனிக்கிற பிள்ளை ஒரு நாள் கையைத் தூக்கும்.

ஆதவன் (சென்னை)

20 நிமிடக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பஞ்சாங்கத்தில் இன்றும் தை 1இல்தான் உத்தராயண புண்ணிய காலம் என்று போடுகிறார்கள். வழக்கத்தில் அதுதான் இருக்கிறது. பிள்ளைகளிடம் ராசி, நட்சத்திர ஆண்டு என்று ஆரம்பித்தால் குழம்பிவிடுவார்கள், சூரியனுக்கு நன்றி சொல்லும் விழா என்பதே காணாமல் போய்விடும்.

இளவேனில் (பெர்த்)

சூரியனுக்கு நன்றி என்பதைக் கட்டாயம் வையுங்கள் அண்ணா, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ராசியைப் பிள்ளைகளிடம் பேசவே வேண்டாம். கோடிட்ட இடத்துக்குப் பதிலாக ஒரு குச்சியைக் கொடுக்கலாம்.

ஒரு மீட்டர் குச்சியைத் தோட்டத்தில் நேராக நட்டு, நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். சிட்னியில் ஜனவரியில் அது மதியம் 1 மணியை ஒட்டி வரும். பொங்கல் அன்று நிழல் சுமார் 22 செ.மீ. இருக்கும். பிப்ரவரி நடுவில் 39 ஆகிவிடும், மார்ச் 20 வாக்கில் 67. அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவை அளந்து சொல்லச் சொன்னால் அங்கே முதலில் 60, அப்புறம் 41, கடைசியில் 17 வரும். இங்கே நீள்கிறது, அங்கே குறைகிறது. அம்மம்மா பக்கம் சூரியன் போய்க்கொண்டிருக்கிறது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். நிழல் இங்கே தெற்குப் பக்கம் விழும், அங்கே வடக்குப் பக்கம். அதையும் படமாக வரையச் சொல்லலாம்.

விடுமுறையில் பொங்கல் வருகிறதே என்ற சிக்கலுக்கும் இது உதவும். டிசம்பரில் தாளைக் கொடுத்தனுப்பினால் முதல் அளவு பொங்கலன்று வீட்டில் எடுக்கப்படும், மற்ற இரண்டும் முதல் பருவத்தில் வகுப்பில்.

பைந்தமிழ் (திருச்சி)

தை 1 தமிழ்ப் புத்தாண்டு என்பதைத் தாளில் சேர்க்கவில்லையே? 2008இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. அதைச் சொல்லாமல் பொங்கல் பாடமா? பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

கொக்குவிலான் (டொராண்டோ)

தம்பி, அந்தச் சட்டத்தை 2011இல் திரும்ப எடுத்துவிட்டார்கள். ஆசிரியை கேட்டது பொங்கலையும் தீபாவளியையும் பற்றி. வருடப்பிறப்பு பெரிய வாதம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் தாளில் அதை வைத்தால் பெற்றோர் வகுப்பு வாசலில் நின்று சண்டை பிடிப்பார்கள்.

சரசு டீச்சர் (ஈப்போ)

இங்கே தமிழ்ப் பள்ளியில் இருக்கிறேன். பயிற்சித்தாள் எழுதுவதே என் பிழைப்பு மாதிரி ஆகிவிட்டது. வான்மதி, உங்கள் பழைய தாளில் ஆறு கேள்வியும் ஒரே அச்சில் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரு சொல் விடை. ஆனால் கேட்கப்படும் விஷயங்கள் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றுக்கு உலகத்துக்கே ஒரு விடைதான், சிலவற்றுக்கு வீட்டுக்கு வீடு வேறு. இரண்டையும் கலந்ததால்தான் நிலாவுக்குச் சிவப்பு மை விழுந்தது.

நான் செய்வது இதுதான். தாளின் மேல்பாதியில் விடைக்குறிப்பு உள்ளவை, கீழ்ப்பாதியில் வீட்டில் கேட்டு எழுதுபவை. கீழ்ப்பாதிக்கு மதிப்பெண் கிடையாது, எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பேன். கேள்வியை "நாம் என்ன செய்கிறோம்?" என்று கேட்க மாட்டேன். "உன் பாட்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீபாவளி காலையில் முதலில் என்ன நடக்கும்?" என்று கேட்பேன். "நாம்" என்று போட்டால் பிள்ளை ஆசிரியருக்குப் பிடித்த விடையைத் தேடும். பாட்டி என்றால் போன் போட்டுக் கேட்கும்.

மேல்பாதிக்கு ஒரு நல்ல விஷயம் தேதி. இதைக் கட்டமாகப் போட்டுக் கொடுங்கள்:

2023: பொங்கல் ஜனவரி 15, தீபாவளி நவம்பர் 12
2024: பொங்கல் ஜனவரி 15, தீபாவளி அக்டோபர் 31
2025: பொங்கல் ஜனவரி 14, தீபாவளி அக்டோபர் 20
2026: பொங்கல் ஜனவரி 15, தீபாவளி நவம்பர் 8

"எது நகர்கிறது? எவ்வளவு நகர்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பொங்கல் ஒரு நாளுக்கு மேல் அசையவில்லை. தீபாவளி 12 நாள் முன்னால் போகிறது, அடுத்து 11 நாள், அப்புறம் திடீரென்று 19 நாள் பின்னால் வருகிறது. பொங்கல் சூரியக் கணக்கு, தீபாவளி நிலாக் கணக்கு. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், வருடத்தில் 11 நாள் குறைகிறது. அப்படியே விட்டால் தீபாவளி ஆடிக்குப் போய்விடும். அதனால் மூன்று வருடத்துக்கு ஒரு தரம் போல ஒரு மாதம் கூட்டுகிறார்கள். 2026 அப்படிப்பட்ட வருடம். முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் உடனே, "எங்கள் பெருநாள் பின்னால் வருவதே இல்லையே" என்பார்கள். அங்கே மாதம் கூட்டுவதில்லை. என் வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் அன்றைக்குப் பாடம் அதோடு சரி, மணி அடிக்கிற வரை அதைத்தான் பேசுவார்கள்.

அப்துல் காதர் (லண்டன்)

டீச்சர் சொன்னது என் மகனுக்கு அப்படியே பொருந்தும். நாங்கள் காயல்பட்டினம். அவன் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போகிறான். தமிழ் படிக்கத்தான் அனுப்புகிறேன், பண்டிகைப் பாடம் வந்தால் அனுப்பாமல் இருப்பதில்லை. ஆனால் "நாம் பொங்கலன்று சூரியனை வழிபடுகிறோம்" என்று எழுது என்றால் அவன் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். "உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனிடம் கேட்டு எழுது" என்று ஒரு வரி இருந்தால் போதும். அவனுக்குக் கேட்கவும் பிடிக்கும், ஊரில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் பொங்கலும் முறுக்கும் பற்றிச் சொல்லவும் பிடிக்கும்.

நிலாவின் அம்மா (மெல்பர்ன்)

பொங்கல் செய்முறையைத் தாளில் வைப்பீர்களா? மகளுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் இங்கே முற்றத்தில் விறகு அடுப்பு மூட்ட பயமாக இருக்கிறது. ஜனவரியில் தீத்தடை நாளாகப் போய்விட்டால் என்ன செய்வது?

வான்மதி (சிட்னி)

நிலாவின் அம்மா, எங்கள் பக்கமும் அதே கதைதான். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகு அடுப்பு கூடவே கூடாது. நாங்கள் சமையலறையில் பொங்கிவிட்டுப் பானையை வெளியே கொண்டுவந்து படைப்போம்.

செய்முறையைக் கட்டாயம் வைக்கிறேன். பட்டியலாக இல்லை, கத்தரித்து ஒட்டும் துண்டுகளாக. அரிசி கழுவுதல், பால் பொங்குதல், அரிசியும் பருப்பும் போடுதல், குழைய வேகவைத்தல், வெல்லம் சேர்த்தல், நெய்யில் முந்திரி வறுத்துக் கொட்டுதல். இதற்கு ஒழுங்கான ஒரே வரிசை உண்டு, அதனால் மேல்பாதிக்குப் போகும். நான் கேட்க நினைக்கும் கேள்வி: வெல்லத்தை ஏன் அரிசி வெந்த பிறகு போட வேண்டும்? முன்பே போட்டால் அரிசி அதற்குமேல் வேகாது, நறுக்கென்று நின்றுவிடும். இதை வகுப்பில் செய்தே காட்டலாம். இரண்டு சின்னப் பாத்திரத்தில் கால் கப் பச்சரிசி, ஒன்றில் முதலிலேயே வெல்லம், மற்றதில் கடைசியில். இரண்டையும் ஒரே நேரம் வேகவிட்டு, ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்க்கச் சொன்னால் தெரிந்துவிடும். பாலுக்கும் இது பொருந்தும். கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துபோகவும் வாய்ப்புண்டு.

பருப்பா பயறா, தேங்காய்ப்பால் உண்டா இல்லையா என்பதற்கு ஒரு வெற்றுத் துண்டு வைக்கிறேன், "உன் வீட்டில் இன்னும் என்ன போடுவார்கள்?" என்று. கொக்குவிலான் ஐயா சொன்ன மாதிரி, தாள் முழுக்க வெல்லம் என்றே எழுதுகிறேன்.

அறுவடை பற்றியும் ஒரு கேள்வி வைக்க ஆசை. தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா தை, மாசியில் அறுப்போம், யாழ்ப்பாணத்தில் காலபோகமும் அப்போதுதான். எங்கள் நியூ சவுத் வேல்ஸிலும் நெல் விளைகிறது, ரிவரினா பகுதியில். ஆனால் அங்கே அக்டோபரை ஒட்டி விதைத்து மார்ச்சிலிருந்து மே வரைதான் அறுக்கிறார்கள். பொங்கலன்று இங்கே வயல் பச்சையாக நிற்கும். "இந்த ஊர் உழவருக்குப் பொங்கல் வைத்தால் எந்த மாதம் வைக்கலாம்?" என்று கேட்கலாமா?

இனித் தீபாவளி. இராமர் கேள்வியை என்ன செய்வது?

சரசு டீச்சர் (ஈப்போ)

ரிவரினா கேள்வி அருமை, வையுங்கள். பிள்ளைகள் ஏப்ரல் என்று எழுதினால் சரி போடுங்கள்.

கொக்குவிலான் (டொராண்டோ)

இராமர் கேள்வி வட இந்தியத் தாளிலிருந்து வந்திருக்க வேண்டும். அயோத்திக் கதை அங்கே உள்ளது. எங்கள் வீடுகளில் சொல்வது நரகாசுரன் கதை. நாளும் அதற்கேற்றபடிதான். தமிழர் கொண்டாடுவது சதுர்த்தசி விடியற்காலை. எண்ணெய் தேய்த்து முழுகுவது, புது உடுப்பு எல்லாம் விடியமுதல். வடக்கே அமாவாசை இரவில் இலட்சுமி பூசை, விளக்கு வரிசை. அதனால் "மாலையில் விளக்கு ஏற்றுகிறோம்" என்ற கடைசிக் கேள்வியும் அங்கிருந்து வந்ததுதான். எங்களுக்கு விளக்கு வரிசை என்றால் கார்த்திகை விளக்கீடு. பிள்ளைகள் பகல் பள்ளிக்கூடத்தில் அகல்விளக்குப் படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டு வருகிறார்கள், பிறகு வீட்டில் விடிய எழுப்பி எண்ணெய் வைத்தால் இது என்ன என்று கேட்கிறார்கள்.

ஆதவன் (சென்னை)

இதில் ஐயாவோடு முழுக்க ஒத்துப்போகிறேன். எங்கள் வீட்டில் நான்கு மணிக்கே எழுப்பிவிடுவார்கள். பலகையில் உட்காரவைத்து உச்சியில் நல்லெண்ணெய், அப்புறம் சீயக்காய், வெந்நீர். குளித்து வந்ததும் மஞ்சள் தடவிய புதுத்துணி, ஒரு உருண்டை லேகியம். இஞ்சி, ஓமம், திப்பிலி, மிளகு, வெல்லம் போட்டு நெய் விட்டுக் கிளறியது. அன்று முழுக்கப் பலகாரம் தின்னப் போகும் வயிற்றுக்கு அது வேண்டும். பார்க்க வருபவர்கள் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியைத் தாளில் போட்டு, "இதற்கு என்ன பதில் சொல்வாய்?" என்று கேளுங்கள்.

நிலாவின் அம்மா (மெல்பர்ன்)

எங்களுக்கு லேகியம் தெரியாது. முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்து ஆட்டிறைச்சிக் கறி சமைப்போம். சில வீடுகளில் அன்று மரக்கறிதான். இதெல்லாம் கீழ்ப்பாதிக்குத்தானே?

சரசு டீச்சர் (ஈப்போ)

ஆமாம், எல்லாம் கீழ்ப்பாதிதான். மேல்பாதியில் ஒரு கேள்வி மட்டும் வைக்கலாம்: "ஒரே விழாவுக்கு வேறு வேறு ஊரில் வேறு வேறு கதை சொல்கிறார்கள். எந்தக் கதை எங்கே?" அயோத்தி வடக்கே, நரகாசுரன் தெற்கே. சமணர்கள் அதே நாளில் மகாவீரர் முக்தி அடைந்ததை நினைக்கிறார்கள். மூன்றையும் மூன்று படமாகக் கொடுத்துக் கோடு இழுக்கச் சொன்னால், இராமரையும் வெட்ட வேண்டியதில்லை.

இளவேனில் (பெர்த்)

நரகாசுரன் கதையைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. எங்கள் அப்பா பெரியார் வழியில் வந்தவர், எங்கள் வீட்டில் தீபாவளியே கிடையாது. ஒருவரைக் கொன்றதை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பார். அப்படிப்பட்ட தமிழ்க் குடும்பங்களும் வெளிநாட்டில் இருக்கின்றன. என் பிள்ளை கீழ்ப்பாதியில் "நாங்கள் கொண்டாடுவதில்லை, அப்பப்பா வேண்டாம் என்றார்" என்று எழுதினால் அதை ஆசிரியர் எப்படி வாங்கிக்கொள்வார்?

கொக்குவிலான் (டொராண்டோ)

அதுவும் வீட்டில் கேட்டு எழுதிய விடைதான், அப்படியே வாங்க வேண்டும். ஆனால் கதையைச் சொல்லாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். நரகாசுரன் பூமாதேவியின் பிள்ளை, அவன் இறந்த நாளை எல்லாரும் சந்தோஷமாகக் கொண்டாட வேண்டும் என்று வரம் கேட்டதாகவும் கதையில் வருகிறது. சொல்கிற விதத்தில் சொன்னால் பிள்ளைகள் அதைப் பற்றி யோசிப்பார்கள்.

இளவேனில் (பெர்த்)

அந்த வரத்தைக் கேட்டது யார் என்பதுதான் ஐயா, எங்கள் வீட்டு வாதமே. தோற்றவன் கேட்டதாக வென்றவர்கள் சொன்ன கதை என்பார் அப்பா. எட்டு வயதில் இது வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். பன்னிரண்டு வயது வகுப்பில் இரண்டு பக்கமும் பேசட்டும்.

வான்மதி (சிட்னி)

இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன். முன்பக்கம் மேலே தேதிக் கட்டம், செய்முறைத் துண்டுகள், ரிவரினா கேள்வி, மூன்று கதைகளும் ஊர்களும். கீழே குச்சி நிழல் அட்டவணை, மூன்று அளவுக்கும் வெற்று இடத்தோடு, ஊரில் இருப்பவர் அளவுக்கு இன்னொரு பத்தி. பின்பக்கம் முழுவதும் வீட்டில் கேட்பது: பொங்கல் உங்கள் வீட்டில் எத்தனை நாள், அந்த நாட்களுக்கு என்ன பெயர், பால் பொங்கும்போது என்ன சொல்வீர்கள், வெடி எந்த நாளில், தீபாவளி காலையில் முதலில் நடப்பது என்ன, அன்று சமையல் என்ன. கடைசி வரி அப்துல் காதர் அண்ணன் கேட்டது: உன் வீட்டில் கொண்டாடாவிட்டால் நண்பனிடம் கேட்டு எழுது, அல்லது ஏன் கொண்டாடுவதில்லை என்று எழுது.

நரகாசுரன் கதையைத் தாளில் இரண்டு வரியில் வைப்பதா, வகுப்பில் வாயால் மட்டும் சொல்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பள்ளியில் மற்ற ஆசிரியர்களிடமும் கேட்க வேண்டும். நிலாவின் அம்மா, தாள் முடிந்ததும் உங்களுக்கு அனுப்பட்டுமா? உங்கள் மகள் முதலில் எழுதிப் பார்த்தால் எங்கே தடுமாறுகிறாள் என்று தெரியும்.

நிலாவின் அம்மா (மெல்பர்ன்)

அனுப்புங்கள். அவள் வயதில் "அட்டவணை" தெரியாது, "கட்டம்" என்று போடுங்கள். குச்சி இப்போதே நட்டுவிட்டாள், ஜனவரி வரை நாய் விட்டுவைக்க வேண்டும்.